பார்த்ததும் ஆளைத் தெரிந்துவிடுமா? 1 முதல் 3-ஆம் வகுப்பு வரை செய்து பார்க்க மூன்று பீரியட் செயல்பாடு

எங்கள் பள்ளி வராண்டாவில் "அகத்தின் அழகு முகத்தில் தெரியும்" என்று பெரிய எழுத்தில் பெயிண்ட் அடித்து எழுதியிருக்கிறது. அதற்கு நேர் கீழே இருந்துதான் ஒரு நாள் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் மூச்சிரைக்க ஓடி வந்தான். "டீச்சர், பிள்ளை பிடிக்கிறவர் வந்திருக்காரு!" போய்ப் பார்த்தால், குழாய் சரிசெய்ய வந்தவர். பரட்டைத் தலை, மூன்று நாள் தாடி, தோளில் ஒரு சாக்குப் பை. பைக்குள் ஸ்பேனரும் பிளாஸ்டிக் பைப் துண்டுகளும் இருந்தன. அவர் காதிலும் அது விழுந்துவிட்டது, பாவம், சிரித்து மழுப்பினார்.

அன்று வகுப்பில் "தோற்றத்தை வைத்து யாரையும் எடை போடக் கூடாது" என்று பத்து நிமிடம் பேசினேன். எல்லோரும் பலமாகத் தலையாட்டினார்கள். மறுநாள் அவர் திரும்பி வந்தபோது இன்னும் நான்கு பேர் சேர்ந்து ஓடி வந்தார்கள். அப்போதுதான் புரிந்தது, பேசினால் நடக்கிற காரியமில்லை இது. அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக நான் உருவாக்கி, சில தடவை சொதப்பி, திருத்திய செயல்பாடு இது. மூன்று பீரியட், ஒவ்வொன்றும் 40 நிமிடம், 20 முதல் 30 பிள்ளைகள். செலவு என்று பார்த்தால் ஆறு கலர் பிரிண்ட், இரண்டு சார்ட், கொஞ்சம் உப்பும் சர்க்கரையும்தான்.

முதலில் வயது. எல்.கே.ஜி. பிள்ளைகளிடம் இதைச் செய்யாதீர்கள், வீண். 1969-இல் ரீட்டா டிவ்ரீஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், மேனார்ட் என்ற சாதுவான ஒரு பூனையைக் குழந்தைகளிடம் காட்டிவிட்டு, அதற்கு நாய் முகமூடியை மாட்டினார். மூன்று வயதுப் பிள்ளைகளில் பலர் அது நாயாகவே மாறிவிட்டதாக நினைத்தார்கள், ஆறு வயதுப் பிள்ளைகள் ஏமாறவில்லை. "எப்படித் தெரிகிறது", "உண்மையில் என்ன" என்பவை இரண்டு தனித்தனி விஷயங்கள் என்று பிரித்துப் பார்க்கும் திறமை நான்கு, ஐந்து வயதில்தான் பிள்ளைகளுக்கு மெல்ல வருகிறது. அது வராத வயதில் இந்தச் செயல்பாடு வெறும் வேடிக்கையாக முடிந்துவிடும். ஒன்றாம் வகுப்பில் தாராளமாகத் தொடங்கலாம். எனக்கு நன்றாக வந்தது இரண்டிலும் மூன்றிலும்.

முதல் பீரியட்: உப்பா, சர்க்கரையா?

ஒரே மாதிரி இரண்டு எவர்சில்வர் டம்ளர். ஒன்றில் தூள் உப்பு. இன்னொன்றில் மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று விட்ட சர்க்கரை. முழுச் சர்க்கரையாகப் போட்டால் பிள்ளைகள் மணியின் அளவை வைத்தே சொல்லிவிடுவார்கள், மாவாக அரைத்தாலும் தெரிந்துவிடும், அதனால் முந்தின நாளே வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டையும் மேசையில் வைத்து, "இதில் எது சர்க்கரை?" என்று மட்டும் கேளுங்கள்.

கத்துவார்கள். பாதிப் பேர் இடது, பாதிப் பேர் வலது. கத்தட்டும். பிறகு உங்கள் முதல் முக்கியமான கேள்வி: "உனக்கு எப்படித் தெரியும்?" இந்தக் கேள்வியை மூன்று பீரியடிலும் நீங்கள் கேட்டுக்கொண்டே இருக்கப் போகிறீர்கள், ஆகவே மிரட்டுகிற குரலில் கேட்காமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற குரலில் கேளுங்கள். "அதுதான் வெள்ளையா இருக்கு" என்பார்கள். இரண்டும்தானே வெள்ளை? "அது பளபளன்னு இருக்கு." சரி, உப்பு பளபளக்காதா?

ஓர் இடத்தில் யாராவது ஒருவர், "பாத்தா தெரியாது டீச்சர், நக்கிப் பாக்கணும்" என்பார். இந்த வார்த்தைக்காகத்தான் காத்திருக்கிறீர்கள். உடனே டம்ளரை நீட்டிவிடாதீர்கள். "வேறு எப்படித் தெரிந்துகொள்ளலாம்?" என்று இன்னொரு தடவை கேளுங்கள். எறும்பு வருகிறதா என்று பார்க்கலாம் என்றாள் ஒருத்தி. இன்னொருவன், "நீங்கதானே போட்டீங்க, உங்களையே கேக்கலாம்" என்றான். கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்பது தானாக வந்தால் நல்லது, வராவிட்டால் நீங்களே எடுத்துக் கொடுங்கள். மனிதர்களிடம் போகும்போது இதுதான் வேண்டும், ஏனென்றால் மனிதர்களை நக்கிப் பார்க்க முடியாது (இதைச் சொன்னால் ஐந்து நிமிடம் சிரிப்பு அடங்காது, நேரம் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்).

கடைசியில் சுத்தமான ஸ்பூனால் ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் ஒரு சிட்டிகை. அதற்கு முன்பு கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது: என்னவென்று தெரியாத பொடியை வீட்டில் வாயில் வைக்கக் கூடாது, இது டீச்சர் கொண்டுவந்தது என்பதால்தான் இன்று மட்டும். எலி மருந்தும் ஒரு பொடிதான்.

பீரியடின் கடைசிப் பத்து நிமிடத்தில் சார்ட்டில் மூன்று கட்டம் போடுங்கள். மேலே இப்படி எழுதுங்கள்: பார்த்தது, நினைத்தது, கேட்டுத் தெரிந்தது. உப்பு, சர்க்கரையை வைத்தே நிரப்பிக் காட்டுங்கள். பார்த்தது: வெள்ளைத் தூள். நினைத்தது: சர்க்கரை. கேட்டுத் தெரிந்தது: உப்பு. எழுத வராத ஒன்றாம் வகுப்புக்கு ஒரு கண், ஒரு மேகம், ஒரு காது என்று படம் போட்டால் போதும். இந்த மூன்று கட்டம்தான் செயல்பாட்டின் முதுகெலும்பு. மற்றதெல்லாம் இதை நிரப்புவதற்காகத்தான்.

இரண்டாம் பீரியட்: ஆறு படம்

ஏ4 அளவில் ஆறு ஆட்களின் புகைப்படங்கள். இதில் நான் முதல் வருடம் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். ஆறு படத்தையும் "ஆச்சரியமாக" எடுத்தேன். ஏழையாகத் தெரிபவர் பெரிய ஆள், முரட்டு ஆள் சாது, இப்படியே. மூன்றாவது படத்திலேயே பிள்ளைகள் சூட்சுமத்தைப் பிடித்துவிட்டார்கள். "டீச்சர் எப்பவும் உல்டாவா வப்பாங்க" என்று சொல்லி, கோட்டு போட்டவரைத் திருடன் என்றார்கள். ஒரு முன்முடிவை எடுத்துவிட்டு அதைத் தலைகீழாகத் திருப்பி அதே இடத்தில் மாட்டிவிட்டேன், அவ்வளவுதான். ஆகவே படங்களைக் கலந்து வையுங்கள். சிலவற்றில் பிள்ளைகளின் ஊகம் தப்பாக வேண்டும், ஒன்றிலாவது சரியாக வேண்டும், ஒன்றில் ஊகிக்கவே வழி இருக்கக் கூடாது.

இப்போது நான் வைத்திருக்கும் ஆறு இவை. காக்கிச் சட்டையில் எங்கள் ஊர் ஆட்டோ ஓட்டுநர். கழுத்தில் ஸ்டெதஸ்கோப்புடன் ஒரு டாக்டர் (ஆமாம், அவர் டாக்டர்தான்). டை கட்டிய ஓர் இளைஞர், செல்போன் கடையில் விற்பனையாளர். இரட்டைப் பின்னலோடு ஒரு சிறுமி, அது எங்கள் தலைமையாசிரியை, நாற்பது வருடம் முன்னால். மங்கள்யான் திட்டத்தில் வேலை செய்த இஸ்ரோ விஞ்ஞானி ரிது கரிதால். அப்புறம் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு பேர் சேர்ந்து நிற்கும் படம். உள்ளூர் ஆட்களின் படத்தை அவர்களிடம் எதற்கு என்று சொல்லி, அனுமதி வாங்கித்தான் எடுக்க வேண்டும். "பிள்ளைங்க உங்களை யாருன்னு நினைப்பாங்கன்னு விளையாட்டு" என்று சொன்னால் பெரும்பாலும் சந்தோஷமாகவே தருகிறார்கள்.

நான்கு நான்கு பேராகக் குழு. எண் சொல்லிப் பிரியுங்கள், பசங்க ஒரு பக்கம், பொண்ணுங்க ஒரு பக்கம் என்று பிரிக்கவே வேண்டாம். ரெபெக்கா பிக்லர் என்ற உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் 1997-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் பிள்ளைகளுக்கு இரண்டு நிற டீ ஷர்ட் கொடுத்தார்கள். டீச்சர் அந்த நிறத்தைச் சொல்லிச் சொல்லி வகுப்பை நடத்திய இடங்களில், சில வாரத்திலேயே தங்கள் நிறத்துக்காரர்களே உசத்தி என்று பிள்ளைகள் நினைக்கத் தொடங்கினார்கள். டீச்சர் நிறத்தைக் கண்டுகொள்ளாத வகுப்புகளில் அப்படி ஆகவில்லை. தோற்றத்தை வைத்து ஆளைத் தீர்மானிக்காதே என்று பாடம் நடத்திக்கொண்டே, தோற்றத்தை வைத்து வகுப்பை இரண்டாகப் பிரித்தால் எந்தப் பாடம் மனதில் நிற்கும் என்று நினைக்கிறீர்கள்?

ஒவ்வொரு படத்துக்கும் வரிசை இதுதான். படத்தைக் காட்டுங்கள், அரை நிமிடம் யாரும் பேசக் கூடாது. பிறகு "என்ன பார்க்கிறீர்கள்?" அடுத்து "யாராக இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?" அடுத்து "எப்படித் தெரியும்?" கடைசியில் உண்மை. இந்த வரிசையை மாற்றாதீர்கள், முக்கியமாக முதல் கேள்வியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். பிள்ளைகள் பார்ப்பதையும் நினைப்பதையும் ஒன்றாகத்தான் சொல்வார்கள். அதைப் பிரித்துக் கொடுப்பதுதான் நம் வேலை.

ஆட்டோ ஓட்டுநர் படத்தில் நடந்ததை அப்படியே சொல்கிறேன். என்ன பார்க்கிறீர்கள் என்றேன். "காக்கிச் சட்டை", "மீசை", "கோவக்காரர்". முதல் இரண்டையும் கண் கட்டத்தில் எழுதிவிட்டு, கோபத்தை எங்கே பார்த்தாய் என்று கேட்டேன்.

"மூஞ்சியில."

"மூஞ்சியில் எந்த இடத்தில்?"

கொஞ்சம் யோசித்து, "புருவத்துல."

"புருவம் எப்படி இருக்கு?"

"இப்பிடி," என்று சுருக்கிக் காட்டினான்.

"சரி, சுருங்கின புருவம், அதைப் பார்த்தது கட்டத்தில் எழுதலாம். கோவக்காரர்?"

வகுப்பே சேர்ந்து "நினைச்சது!" என்றது. அப்புறம்தான் சொன்னேன், படம் எடுக்கும்போது மத்தியான வெயில் நேராக அவர் கண்ணில் அடித்தது. சுருங்கின புருவத்துக்குக் காரணம் கோபமில்லை, வெயில்.

போலீஸ் என்றுதான் எல்லோரும் ஊகித்திருந்தார்கள். காக்கியை வைத்து. காக்கி போட்ட வேறு யாரையெல்லாம் பார்த்திருக்கிறீர்கள் என்று கேட்டபோது பட்டியல் நீண்டது. ஆட்டோ மாமா, என்.சி.சி. அண்ணன், பக்கத்து வீட்டுத் தாத்தாவின் பழைய பேன்ட். சீருடை ஒரு குறிப்பு தருகிறது, பொய் சொல்வதில்லை, ஆனால் முழுசாகவும் சொல்வதில்லை. இதை இப்படியே பிள்ளைகளிடம் சொல்லலாம், புரிந்துகொள்கிறார்கள். அதனால்தான் டாக்டர் படம் வேண்டும். அங்கே ஊகம் சரியாகும். "பாத்தீங்களா, சரியாச் சொன்னோம்!" என்பார்கள். ஆமாம், சரி. பிறகு கேளுங்கள், அவர் பல் டாக்டரா, மாட்டு டாக்டரா, குழந்தை டாக்டரா? அவருக்கு என்ன பிடிக்கும்? ஊசி போடும்போது வலிக்காமல் போடுவாரா? படம் அங்கே கை விரித்துவிடும்.

ஒரு விஷயம் சங்கடமாக வரும். "கறுப்பா இருக்காரு" என்று ஒரு பிள்ளை சொல்லும், நான்கு பேர் சிரிப்பார்கள். "அப்படியெல்லாம் சொல்லக் கூடாது" என்று நாம் பதறினால், கறுப்பு என்பது சொல்லக் கூடாத ஏதோ கெட்ட வார்த்தை என்று நாமே சொல்லிக் கொடுத்ததாக ஆகிவிடும், அந்த வகுப்பில் கறுப்பாக இருக்கிற பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். முகம் மாறாமல், மீசை எழுதின அதே குரலில், பார்த்தது கட்டத்தில் எழுதுங்கள். அடுத்து "அதனால ரவுடி" என்று வந்தால் அது நினைத்தது கட்டத்துக்குப் போகும், "எப்படித் தெரியும்?" என்ற கேள்வியும் கூடவே போகும். கண்டிப்பு கறுப்புக்கு இல்லை, "அதனால"வுக்கு.

மாசி சடையன், வடிவேல் கோபால் படத்துக்கு எங்கள் வகுப்பில் வந்த ஊகங்கள்: கரும்பு வெட்டுறவங்க, மாடு மேய்க்கிறவங்க, தாத்தா. அவர்கள் செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த இருளர் பழங்குடியினர், பாம்பு பிடிப்பதில் தேர்ந்தவர்கள். அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்துச் சதுப்புக் காடுகளில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, அவற்றைக் கண்டுபிடிக்கவே முடியாமல் திணறியபோது, 2017-இல் அங்கே போய்ப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது. தடத்தையும் புல் சாய்ந்திருப்பதையும் வைத்துப் பாம்பு போன வழியைச் சொல்லும் அறிவு அவர்கள் சட்டையிலோ முகத்திலோ தெரியாது.

இங்கே உங்கள் குரலில் ஒரு கவனம் வேண்டும். "இவங்களே அமெரிக்கா போயிருக்காங்கன்னா பாருங்களேன்!" என்று சொல்லிவிட்டால் போச்சு. அந்த "இவங்களே"வில் எல்லாம் அடங்கிவிட்டது, உங்கள் வகுப்பில் இருளர் பிள்ளை ஒன்று இருந்தால் அதற்கு அது சுருக்கென்று குத்தும். என்ன தெரியும், எப்படிக் கற்றார்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள், ஆச்சரியப்படும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். இதே காரணத்துக்காக மாற்றுத்திறனாளிகளின் படத்தை "பார்த்தீங்களா!" என்று காட்டவே காட்டாதீர்கள்.

நானே ஏமாந்த ஒரு படம்

ரிது கரிதால் இருக்கும் இடத்தில் முதலில் நான் வைத்திருந்தது வேறு படம். 2014 செப்டம்பர் 24, மங்கள்யான் செவ்வாய்ச் சுற்றுப்பாதையில் நுழைந்த அன்று, பட்டுப் புடவையும் தலை நிறையப் பூவுமாக இஸ்ரோவில் பெண்கள் கட்டிப்பிடித்துச் சிரிக்கும் படம். உலகம் முழுக்கச் சுற்றியது, விஞ்ஞானி என்றால் கோட்டு போட்ட ஆண் என்ற நினைப்பை உடைத்த படம் என்று எல்லோரும் கொண்டாடினார்கள். பிள்ளைகள் "கல்யாண வீடு" என்பார்கள், நான் "இல்லை, விண்வெளி விஞ்ஞானிகள்!" என்பேன், எவ்வளவு அழகான திருப்பம். அச்சடித்து லேமினேட்டும் பண்ணிவிட்டேன்.

அப்புறம்தான் படித்தேன், அந்தப் படத்தில் இருந்தவர்கள் நிர்வாகப் பிரிவு ஊழியர்கள் என்று இஸ்ரோ பின்னால் தெளிவுபடுத்தியிருக்கிறது. திட்டத்தில் பெண் விஞ்ஞானிகள் நிஜமாகவே இருந்தார்கள், ரிது கரிதால், நந்தினி ஹரிநாத், மினல் ரோஹித் என்று பெயர் சொல்லலாம், ஆனால் அந்தப் படத்தில் இருந்தவர்கள் அவர்கள் இல்லை. தோற்றத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள் என்று சொல்வதற்காக, ஒரு படத்தைப் பார்த்து யாரையும் கேட்காமல் நான் முடிவு செய்திருந்தேன். நினைத்தது கட்டத்தில் இருந்ததை நேராகக் கேட்டுத் தெரிந்தது கட்டத்தில் ஒட்டியிருக்கிறேன்.

மூன்றாம் வகுப்பில் இந்தக் கதையை அப்படியே சொல்கிறேன். டீச்சர் ஏமாந்த கதை என்றால் பிள்ளைகளுக்கு அவ்வளவு பிடிக்கும். நீங்கள் படம் தேர்ந்தெடுக்கும்போது, படத்தில் இருப்பவர் யார் என்று பெயரோடு உறுதியாகத் தெரியாவிட்டால் எடுக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் வரும் "இந்தப் பிச்சைக்காரர் உண்மையில் கோடீஸ்வரர்" வகைப் படங்கள் கூடவே கூடாது.

படம் மட்டும் போதாது

இவ்வளவோடு நிறுத்தினால் ஒரு வாரத்தில் ஆவியாகிவிடும். 1983-இல் கரோல் மார்ட்டின், சார்லஸ் ஹால்வர்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளிடம் படங்களைக் காட்டினார்கள். ஒரு பெண் குழந்தை மரம் அறுப்பது போல, வழக்கத்துக்கு மாறான படங்களும் அவற்றில் இருந்தன. ஒரு வாரம் கழித்துக் கேட்டால், அறுத்தது பையன் என்றே பல பிள்ளைகள் நினைவு வைத்திருந்தார்கள். மனதில் ஏற்கெனவே இருக்கும் படம், கண் பார்த்த படத்தை அழித்து எழுதிவிடுகிறது. என் வகுப்பிலேயே பார்த்தேன். பத்து நாள் கழித்து அந்த ஆட்டோ மாமா யார் என்று கேட்டால், "போலீஸ்" என்று இரண்டு பேர் அடித்துச் சொன்னார்கள்.

இதற்கு மருந்து, உதாரணத்தோடு ஒரு விதியையும் கொடுப்பது. பிக்லரும் லின் லிபனும் 1992-இல் வெளியிட்ட ஆய்வில் செய்தது அதுதான். ஒரு வேலையைச் செய்ய ஆணா பெண்ணா என்பது கணக்கில்லை, அதில் ஆசை இருக்கிறதா, அதற்கு வேண்டியதைக் கற்றிருக்கிறாரா என்று பார், என்று நேரடியாகக் கற்றுக் கொடுத்துப் பழக்கினார்கள். வேலைகளைப் பற்றிப் பொதுவாகப் பேசிய பிள்ளைகளைவிட, விதியைப் பழகிய பிள்ளைகளிடம் மாற்றம் தெரிந்தது. ஆகவே ஒவ்வொரு படம் முடிந்ததும் இரண்டே கேள்விகள், பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்லும் வரை: "இவருக்கு எது பிடிக்கும்? எதைக் கற்றிருக்கிறார்?" பிறகு, "இது படத்தில் தெரியுமா?" தெரியாது. "அப்போ என்ன செய்யணும்?" கேக்கணும்.

மூன்றாம் பீரியட்: விருந்தாளி

பிள்ளைகளுக்கு முகம் பழகாத ஒருவரை வகுப்புக்கு அழைக்க வேண்டும். பெரிய சாதனையாளர் வேண்டாம், அவரிடம் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்களே தவிர கேட்க மாட்டார்கள். பதினைந்து நிமிடம் பொறுமையாக உட்காரக் கூடிய, பிள்ளைகள் மேல் பிரியமுள்ள ஒருவர் போதும். தலைமையாசிரியரின் அனுமதியோடு, நீங்கள் முழு நேரமும் கூடவே இருக்க வேண்டும்.

நான் அழைத்தவர் ஆறடி உயரம், கிருதா மீசை, வேட்டியை மடித்துக் கட்டியிருப்பார். அவர் உள்ளே வந்து, பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். வழக்கமான வரிசை. பார்த்தது: உயரம், மீசை, கையில் சின்னச் சின்ன வெட்டுக்காயம் (இதைக் கவனித்தது கடைசி பெஞ்சு). நினைத்தது: அடியாள், போலீஸ், கறிக்கடைக்காரர், ஊர்த் தலைவர். முதல் வரிசையில் இருந்த ஒரு பெண் பிள்ளை மெதுவாக நாற்காலியைப் பின்னால் இழுத்தாள்.

அடுத்து கேள்விகள். முந்தின நாளே தயார் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் "உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா" என்பதைத் தாண்டிப் போகாது. சம்பளம், சாதி, சாமி பற்றிக் கேட்பதில்லை என்பது எங்கள் வகுப்பு ஒப்பந்தம். ஆம், இல்லை என்று முடிந்துவிடாத கேள்விகளாக இருக்கட்டும். உங்களுக்கு என்ன செய்யப் பிடிக்கும்? அதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? எது கஷ்டம்? எதற்குப் பயம்? பயத்தைப் பற்றிய கேள்வியை விடவே விடாதீர்கள், பிள்ளைகளுக்கு ஒரு ஆள் ஆளாகத் தெரிவது அங்கேதான்.

அவர் பூக்கட்டுகிறவர். பஸ் ஸ்டாண்டு பக்கம் அவருடைய அம்மா கடை வைத்திருந்தார், அவரிடம் ஆறு வயதில் கற்றது. கையில் இருந்த வெட்டுகள் நார் அறுத்தவை. பையிலிருந்து மல்லிகையும் வாழை நாரும் எடுத்து, பேசிக்கொண்டே கட்டினார், விரல் ஓடுவதே தெரியவில்லை. இரண்டு பையன்கள் வந்து கட்டிப் பார்த்து, பூவெல்லாம் கழன்று விழுந்தது. எதற்குப் பயம் என்று கேட்டார்கள். "பல்லி," என்றார். வகுப்பு அடங்கவே இல்லை. நாற்காலியை இழுத்துக்கொண்ட பிள்ளை எழுந்து போய், "எனக்கும் பல்லின்னா பயம் மாமா" என்றாள்.

அவர் போனதும் கடைசிப் பதினைந்து நிமிடம் ஜோடி வேலை. பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டு, பார்த்தால் தெரியாத ஒரு விஷயத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். வழக்கமாகச் சேர்ந்து உட்காராதவர்களை ஜோடியாக்குங்கள். ஊகிக்கும் பகுதியை இங்கே செய்யவே கூடாது. வகுப்புப் பிள்ளையை நிற்க வைத்து "இவனைப் பார்த்தால் என்ன தோணுது?" என்று கேட்டால் அது கேலியில்தான் முடியும். நேராகக் கேள்விக்குப் போக வேண்டும். சொல்ல விருப்பமில்லை என்றால் "வேற கேளு" என்று சொல்லலாம்.

இணையத்தில் தேடினால், அமெரிக்காவில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை 1968-இல் நீலக் கண், பழுப்புக் கண் என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பிரித்து, ஒரு பிரிவை ஒரு நாள் முழுக்கத் தாழ்த்தி நடத்திய பயிற்சி கண்ணில் படும். நாமும் செய்து பார்க்கலாமே என்று தோன்றும். வேண்டாம். அன்று அவமானப்பட்ட பிள்ளை சாயங்காலம் அதே மனதோடு வீட்டுக்குப் போகும், அதை எடுத்துக் கட்ட நம்மிடம் ஆளில்லை.

கட்டாயம் வரும் ஒரு கேள்வி

"அப்போ பிள்ளை பிடிக்கிறவங்களும் பாத்தா தெரிய மாட்டாங்களா டீச்சர்?" இது வராத வகுப்பே இல்லை. இதை விட்டுவிட்டு மணியடித்ததும் போய்விட்டால், "முரட்டு மாமா எல்லாம் நல்ல மாமா" என்ற ஆபத்தான முடிவோடு பிள்ளை வீட்டுக்குப் போகும். பதிலை முன்கூட்டியே தயாராக வைத்திருங்கள். ஆமாம், தெரியாது. பரட்டைத் தலை என்பதால் ஒருவர் கெட்டவர் இல்லை, அழகாகச் சட்டை போட்டுச் சாக்லேட் கொடுப்பதால் ஒருவர் நல்லவரும் இல்லை. அதனால் யாரோடு போகலாம் என்பதை முகம் பார்த்து நாம் முடிவு செய்வதே இல்லை, அம்மா அப்பாவோ டீச்சரோ சொன்னவரோடு மட்டும்தான் போவோம். தெரிந்த முகமாக இருந்தாலும் இதே விதி. யாராவது பயமுறுத்தினால் வீட்டில் சொல்லலாம், 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். இந்த எண்ணை அந்தச் சார்ட்டிலேயே எழுதி வைத்திருக்கிறேன். பேசுவதும் கேட்பதும் பெரியவர் கூட இருக்கும்போது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது

ஒரு வாரம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் ஏழாவது படம் ஒன்றைக் காட்டுங்கள். "இவர் யார்?" என்று மட்டும் கேளுங்கள். "தெரியாது" என்று பிள்ளைகள் சொல்வார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள், ஊகிக்கத்தான் செய்வார்கள், மனித மூளை அப்படித்தான். நீங்கள் கவனிக்க வேண்டியது வார்த்தைகளை. "இவர் வாத்தியார்" என்பதற்குப் பதில் "வாத்தியார்னு நினைக்கிறேன்" என்று வருகிறதா? நீங்கள் கேட்காமலே யாராவது "எப்படித் தெரியும்?" என்று பக்கத்துப் பிள்ளையை மடக்குகிறார்களா? எங்கள் வகுப்பில் 26 பேரில் ஒன்பது பேர் "நினைக்கிறேன்" சேர்த்தார்கள். ஐந்து பேர் பழையபடி அடித்துச் சொன்னார்கள், மற்றவர்கள் நடுவில். மூன்று பீரியடுக்கு இது நியாயமான கணக்கு என்றுதான் நினைக்கிறேன். அடித்துச் சொல்கிறவர்களுக்குத் தனியாக எதுவும் செய்வதில்லை, சார்ட்டைச் சுவரிலேயே விட்டுவைத்து, சண்டை வரும் நாட்களில் அதன் பக்கம் அழைத்துப் போகிறேன். "அவன் வேணும்னே தள்ளினான்" என்று வந்தால், எதைப் பார்த்தாய், எதை நினைத்தாய், அவனைக் கேட்டாயா என்று மூன்று கட்டத்தையும் விரலால் தொட வைப்பேன்.

குழாய்க்காரர் போன மாதம் மறுபடி வந்தார், மோட்டார் ரிப்பேர். அதே சாக்குப் பை. இந்தத் தடவை யாரும் ஓடி வரவில்லை. ஆனால் அவரால் வேலை செய்யவும் முடியவில்லை. நான்கு பிள்ளைகள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அவரைச் சுற்றி நின்று, யார் சொல்லிக் கொடுத்தாங்க, எது கஷ்டம், எதுக்குப் பயம் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஷாக் அடிக்கிறதுக்குத்தான் பயம் என்றார், பியூஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டே.